காற்றாலையால் காற்றின் முழு சக்தியையும் எடுக்க முடியாதா? 59.3% கணக்கு என்ன?

கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு காற்று அடிக்குது, மூணே மூணு இறக்கைதானே இருக்கு, பாதிக் காற்று வீணாகப் போகாதா?

போகும். போயே ஆக வேண்டும்.

ஏன் முழுசா எடுக்க முடியாது?

காற்றின் வேகத்தைக் குறைத்துத்தான் காற்றாலை மின்சாரம் எடுக்கிறது. முழு சக்தியையும் எடுத்தால், இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. அது சுற்றிக்கொண்டு விலகிப் போய்விடும்.

கடந்துபோகும் காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் அதிகபட்ச சக்தி கிடைக்கும். அது 59.3 சதவீதம். ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் வெளியிட்ட இந்தக் கணக்குதான் 'பெட்ஸ் வரம்பு'.

ஒரு கணக்கு பார்க்கலாம்

இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 80 மீட்டர், காற்றின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்றால், அந்த வட்டத்துக்குள் வரும் சக்தி சுமார் 3 மெகாவாட். பெட்ஸ் வரம்புப்படி 1.8 மெகாவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. இறக்கை நுனியில் உருவாகும் சுழல், உராய்வு எல்லாம் போக, நல்ல காற்றாலைக்குக் கிடைப்பது 1.3 மெகாவாட் அளவுதான்.

அப்போ என்னதான் வழி?

இறக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பெரிய லாபம் இல்லை. எடையும் செலவும்தான் ஏறும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். பழைய சிறிய காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நிறுவ தமிழ்நாடு அரசு 2024-ல் கொள்கை கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இனி யாராவது "காற்றின் சக்தியில் 80 சதவீதத்தை எடுக்கும் காற்றாலை" என்று விற்க வந்தால், எந்தப் பரப்பை வைத்து அந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.