பண்டிகை இல்லாத வீட்டுக்குச் சொல்லும் சொல்

மாங்காடு காமாட்சி அம்மன் சந்நிதிக்கு ஆறு வாரம் எலுமிச்சங்கனியுடன் சேர்ந்தே சென்றுவந்த நண்பர்கள் இருவர். மூத்தவருடைய துணைவியார் ஆவணியில் காலமானார். ஐப்பசியில் தீபாவளி வந்தது.

ஆண்டு நிறைவு வரை துக்க வீடுகளில் பெரும்பாலும் பண்டிகை கிடையாது. பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. ஊருக்கெல்லாம் அனுப்பும் மத்தாப்புப் படத்தை அங்கும் கைப்பேசியில் அனுப்பினால், மறைந்தவரை மறந்துவிட்டதாகவே தோன்றும். சங்கடப்பட்டு ஒன்றுமே சொல்லாதிருந்தாலும் அப்படித்தான் தோன்றும்.

இளையவர் முதல் நாள் மாலையே நேரில் சென்றார். “இந்த வருஷம் உங்களுக்குப் பண்டிகை இல்லை என்று தெரியும் அண்ணா. அண்ணி தரும் அதிரசம் நினைவுக்கு வந்தது. உங்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தது” என்றார். “வயதாகித்தானே போனார்கள்”, “மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்று அவர் சொல்லவில்லை. அவை துயரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும்படி சொல்வதாகிவிடும். மூத்தவர் மனைவியைப் பற்றிப் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றியபோது, அவரும் அதன்போக்கில் சென்றார்.

பலகாரம் கொண்டுவரலாமா என்று மருமகளிடம் முன்பே கேட்டிருந்தார். அண்டை வீட்டார் தருவதைச் சில குடும்பங்கள் ஏற்கும், சில ஏற்பதில்லை. இவர்கள் வேண்டாமென்றதால் வெறுங்கையுடனே வந்திருந்தார்.

விடைபெறும்போது, “நாளை மறுநாள் மாலையும் வருகிறேன்” என்றார். வெடிச் சத்தம் அடங்கி, வந்தவர்களும் போய்விட்ட பிறகுதான் அவ்வீட்டில் வெறுமை மிகும். சொன்னபடியே வந்தார். திண்ணையில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.