உங்கள் சம்பளம் யாருடைய ரகசியம்?



ஆணிடம் சம்பளமும் பெண்ணிடம் வயதும் கேட்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். அது நாகரிகம் பற்றிய பேச்சு. கேட்பதும் கேட்காததும் அவரவர் விருப்பம். ஆனால் இன்று உங்களில் பலருக்கு வரும் பணி நியமனக் கடிதத்தில் அதுவே ஒரு நிபந்தனையாக ஏறியிருக்கிறது: உங்கள் ஊதியம் ரகசியமானது, சக ஊழியரிடம் சொல்லக் கூடாது, சொன்னால் ஒழுங்கு நடவடிக்கை. சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி இந்த வரியைப் படம் எடுத்து அனுப்பி, "சார், பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இது சட்டப்படி குற்றமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

குற்றம் இல்லை. தன் சொந்தச் சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் கிடையாது. போலீஸ் வராது. ஒப்பந்தத்தை மீறினாய் என்று நிறுவனம் வழக்குப் போட வேண்டுமானால், தனக்கு என்ன நஷ்டம் என்று காட்ட வேண்டும். நீ வாங்கும் தொகையை நீயே சொன்னதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? "அடுத்தவரும் அதே சம்பளம் கேட்டுவிட்டார்" என்று நீதிமன்றத்தில் நின்று சொல்ல எந்த நிறுவனமும் விரும்பாது.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். சம்பளத்தைப் பேசும் உரிமை உனக்கு உண்டு என்று தெளிவாகச் சொல்லும் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போகாமலே உன்னை நெருக்கலாம். ஒரு மெமோ கொடுக்கலாம், மதிப்பீட்டில் ஒரு படி இறக்கலாம். மேலாளர் நிலையில் இருந்தால் நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பியும் விடலாம். தொழிலாளர் சட்டங்களின் வரையறைக்குள் வரும் ஊழியரை அப்படிச் சுலபமாக வெளியே தள்ள முடியாது. மேலாளருக்கு அந்தக் கேடயம் இல்லை. அந்த வரியின் பலம் சட்டத்தில் இல்லை, உன் பயத்தில்தான் இருக்கிறது.

சரி, இந்த ரகசியத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டர் என்ற பெண்ணுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979-இல் சேர்ந்தார், பகுதி மேலாளராக உழைத்தார். சம்பளம் பற்றிப் பேசக் கூடாது என்று சேரும்போதே சொன்னதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓய்வு நெருங்கிய காலத்தில் யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அதில் அவருடைய சம்பளமும் அதே பதவியில் இருந்த ஆண்கள் சிலருடைய சம்பளமும் இருந்தன. 1997 முடிவில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர், மிக அதிகமாக வாங்கியவருக்கு 5,236. அதாவது கடைசி ஆணோடு ஒப்பிட்டாலும் மாதம் 559 டாலர் குறைவு.

அவர் வழக்குப் போட்டார், ஜூரி அவர் பக்கம் நின்றது. ஆனால் 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தது. காரணம், சம்பளத்தை முடிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம்! தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் கொடுப்பது? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாற்றுத் தீர்ப்பில் இதைத்தான் சுட்டினார். 2009-இல் புதுச் சட்டம் வந்து, பாகுபாடான ஒவ்வொரு சம்பளத்துக்கும் அந்த 180 நாள் புதிதாகத் தொடங்கும் என்றது. சட்டத்துக்கு அவர் பெயர். அவர் கைக்கு ஒரு டாலரும் வரவில்லை.

நம் நாட்டிலும் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அடுத்தவர் வாங்குவது தெரிந்தால்தானே அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடியும்? உரிமையை ஒரு கையால் கொடுத்து, அதை நிரூபிக்கும் எண்ணை மறு கையால் பூட்டி வைப்பதுதான் இந்த நிபந்தனை.

"தெரிந்தால் பொறாமை வரும், சண்டை வரும்" என்பார்கள். நாங்கள் அரசுப் பள்ளியில் காலமெல்லாம் ஒருவர் சம்பளம் மற்றவருக்குத் தெரிந்துதான் வேலை பார்த்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, அரசு ஊழியரின் மாத ஊதியத்தை அலுவலகமே வெளியிட வேண்டும் என்கிறது. சண்டை வரவில்லையா என்றால் வந்தது, நியாயமான சண்டை. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், அதற்குப் பின் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பு, ஒரே பாடம். இரண்டு எண்ணும் வெளிச்சத்தில் இருந்ததால்தான் அவர்களால் ஆண்டுக்கணக்கில் போராட முடிந்தது. அந்த எண்கள் ரகசியமாக இருந்திருந்தால் பிந்திச் சேர்ந்தவர் தன் தலைவிதி என்று நினைத்திருப்பார்.

இன்னொரு வேடிக்கை. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம், தன் இயக்குநரின் ஊதியம் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். அதிகச் சம்பளம் வாங்கும் முதல் 10 பேர் விவரத்தையும் பங்குதாரர்களுக்குக் காட்ட வேண்டும். முதலாளியின் சம்பளம் பங்குதாரருக்குத் தெரியலாம், உன்னுடையது பக்கத்து நாற்காலிக்குத் தெரியக் கூடாதா?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டமே தனியார் ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசும் உரிமையைக் காக்கிறது, தொழிற்சங்கம் இல்லாவிட்டாலும். மேற்பார்வையாளர்கள் அதற்கு வெளியே. பிரிட்டனில் பாகுபாடு இருக்கிறதா என்று அறிவதற்காகப் பேசினால் அந்த நிபந்தனை செல்லாது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய நிபந்தனையைப் புதிதாக ஒப்பந்தத்தில் போடுவதே இப்போது சட்டவிரோதம். நம் சட்டமும் அங்கே வர வேண்டும் என்பதே என் கட்சி.

அதுவரை பேசுங்கள், ஆனால் பார்த்துப் பேசுங்கள். உங்கள் சம்பளத்தை மட்டும் சொல்லுங்கள். எச்.ஆர்., பேரோல் பிரிவில் இருப்பவர்கள் வேலை நிமித்தம் பார்த்த அடுத்தவர் சம்பளத்தைச் சொல்வது வேறு கதை, அது நம்பிக்கைத் துரோகம். நேரில் பேசுங்கள், அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம், சம்பளச் சீட்டைக் குழுவில் போட வேண்டாம்.

ஒப்பிடும்போது சி.டி.சி.யை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இருவருமே "12 லட்சம்" என்பார்கள். ஒருவருக்கு அதில் 2 லட்சம் செயல்திறனைப் பொறுத்தது, 1 லட்சம் சேரும்போது ஒரே முறை தரும் போனஸ். அப்படியானால் நிலையாக வருவது 9 லட்சம்தான். நிலையான தொகையை நிலையான தொகையோடு வைத்துப் பாருங்கள், அனுபவமும் பொறுப்பும் ஒன்றா என்றும் பாருங்கள். அப்படியும் இடைவெளி இருந்தால் எழுத்தில் கேளுங்கள். யார் சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. "இந்தப் பதவிக்கான ஊதிய வரம்பு என்ன, அதில் நான் எங்கே இருக்கிறேன், ஏன்?" என்று கேட்டால் போதும். நேர்மையான நிறுவனத்திடம் இதற்குப் பதில் இருக்கும்.

எச்.ஆர். பணியில் இருக்கும் என் மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். மற்றவர்கள் ஆர்வக் கோளாறில் சம்பளத்தைக் கமெண்டில் போட்டுவிடாதீர்கள். நான் சக ஊழியரிடம் சொல்லச் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் அல்ல!