‘ஒன்று கேட்கலாமா?’ என்று வந்தால் ‘கேளுங்கள்’ என்பதே விடை

இந்தியப் பல்கலைக்கழகங்களில் மூத்த ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் வாட்ஸ்அப் செய்திகளில் ஒரு வகை உண்டு. ‘அக்கா, ஒன்று கேட்கலாமா?’, ‘சார், ஒரு சின்ன டவுட்’, ‘மேடம், ஃப்ரீயா?’ என்பதோடு அவை நின்றுவிடும். கேள்வி இராது. இவ்வழக்கத்தைக் கண்டிப்போர் பலர். அனுமதி கேட்டுக் காத்திராமல் கேள்வியை நேரே எழுதினால் என்ன என்பது அவர்கள் வாதம். கேட்பவருக்குச் சொல்லும் அறிவுரையாக அது சரியே. ஆனால் செய்தி வந்து சேர்ந்த பிறகு அந்த அறிவுரையால் பயனில்லை. அடுத்த அசைவு பெற்றவருடையது. அவர் எழுதத்தக்க பதில் ‘கேளுங்கள்’ என்பது ஒன்றே. ‘எதைப் பற்றி?’, ‘அவசரமா?’, ‘இப்போதேவா?’ என்று திருப்பிக் கேட்பது, கேட்பதற்கு அனுமதி கேட்டவரிடம் அந்த அனுமதிக்குக் காரணம் கேட்பதாகும்.

நேர்ப்பேச்சில் இந்தத் தொடருக்கு உண்மையான வேலை உண்டு. உரையாடல் பகுப்பாய்வு என்னும் துறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான இமானுவேல் ஷெக்லாஃப், ‘உங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா?’ என்ற வகைத் தொடர்களை மட்டுமே எடுத்துக்கொண்டு 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘கேளுங்கள்’ என்ற இசைவு கிடைத்ததும் பேசுபவர் பெரும்பாலும் கேள்வியைக் கேட்பதில்லை என்பது அவர் கண்டது. முதலில் பின்னணி வருகிறது: இன்னாரை உங்களுக்குத் தெரியுமல்லவா, சென்ற வாரம் இப்படி நடந்தது, அதனால் என்று நீண்டு, அதன் பிறகே கேள்வி வருகிறது. கேள்விக்கு முன்னால் சொல்லவேண்டியவற்றைச் சொல்ல இடம் கேட்பதே அத்தொடரின் முதற்பணி. கேட்கப்போவது சங்கடமானது என்று முன்கூட்டி உணர்த்துவது அதன் இன்னொரு பணி.

தமிழில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ‘ஒன்று கேட்கலாமா?’ என்றவரிடம் நாம் ‘கேளுங்கள்’ என்பதைவிட ‘சொல்லுங்கள்’ என்றே மிகுதியாகச் சொல்கிறோம். கேட்க வந்தவரைச் சொல்லச் சொல்கிறோம். அவர் கையில் ஒற்றைக் கேள்வி அன்று, ஒரு கதை இருக்கிறது என்பது வழக்கிலேயே ஏறிவிட்டது. (இந்தியிலும் ‘ஏக் பாத் பூச்சூம்?’ என்றால் ‘போலியே’ என்ற பதில் வருவதுண்டு.)

நேர்ப்பேச்சில் இந்த முன்னனுமதிக்கு விலை ஏறக்குறைய இல்லை. பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று, கேள்விக்கும் விடைக்கும் இடையேயுள்ள இடைவெளி சராசரியாக நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று காட்டியது. அதே பரிமாற்றம் கைபேசித் திரைக்கு வரும்போது அந்த இடைவெளி பத்து மணி நேரமாகலாம். திரையில் முகமும் இல்லை. பெற்றவரின் புருவம் உயர்ந்ததா, இளகியதா என்பது தெரியாது. எனவே ஒவ்வொரு கூடுதல் சுற்றும் இருமடங்கு செலவு வைக்கிறது: ஒன்று நேரம், மற்றொன்று கேட்பவரின் துணிவு.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண் தொழிலாளர்களின் பேறுகால மருத்துவம் குறித்து நேர்காணல்கள் எடுக்கிறார். பதினான்கு நேர்காணல்கள் முடிந்துவிட்டன. வியாழன் இரவு ஒப்புதல் படிவங்களை அடுக்கும்போது மூன்று படிவங்களில் கைநாட்டு மட்டும் இருப்பதும், சாட்சியின் கையொப்பத்திற்கான இடம் வெறுமையாக இருப்பதும் கண்ணில் படுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது, ஆய்வைச் சாராத, எழுத்தறிந்த ஒருவர் உடனிருந்து சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன. ஞாயிறு காலை அவர் ஊர் திரும்புகிறார். தொழிலாளர்கள் கொழுந்து பறித்துவிட்டு லயங்களுக்குத் திரும்பும் மாலைகளில் எஞ்சியிருப்பவை வெள்ளியும் சனியும்.

இரவு 9.40க்கு அவர் தம் துறையின் மூத்த ஆய்வாளருக்கு எழுதுகிறார்: ‘அக்கா, ஒன்று கேட்கலாமா?’ மூத்தவர் அதைக் காண்பது வெள்ளி காலை ஏழு மணிக்கு. ‘என்ன விஷயம்?’ என்று எழுதுகிறார். கடுமை எதுவும் நினைத்து எழுதியதன்று. மாணவி அதற்குள் தோட்டத்திற்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே சிக்னல் இல்லை. இரவு எட்டு மணிக்கு விடுதிக்கு வந்து பார்க்கும்போது அவர் முன்னால் நிற்பது, தம் தவற்றுக்கு ஒரு தலைப்புக் கொடுக்கச் சொல்லும் கேள்வி. அவர் எழுதுகிறார்: ‘பெரிதாக ஒன்றுமில்லை அக்கா, ஒப்புதல் படிவம் பற்றி ஒரு சின்ன சந்தேகம்.’

இந்த ‘சின்ன’ என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். சந்தேகம் சின்னது அன்று. தலைப்பாகச் சுருக்கும்போது அது சின்னதாக்கப்படுகிறது. மூத்தவர் சனி காலை, நல்லெண்ணத்தோடு, துறையின் மாதிரிப் படிவத்தை அனுப்பிவைக்கிறார். கேட்கப்படாத கேள்விக்கு விடை வந்துவிட்டது. ‘நன்றி அக்கா’ என்று மாணவி முடித்துக்கொள்கிறார். உதவி கிடைத்த பின் ‘அது இல்லை, வேறொன்று’ என்று சொல்வது நம் வளர்ப்பில் எளிதன்று. அன்று மாலை, உடன் வந்த களஉதவியாளரையே மூன்று படிவங்களிலும் பழைய தேதியிட்டுச் சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்லும் எண்ணம் அவருக்குத் தோன்றினால், வியப்பதற்கில்லை. கவனக்குறைவாக இருந்தது அந்தக் கணத்தில் பொய்யாவணம் ஆகிறது.

வெள்ளி காலை ஏழு மணியின் பதில் மட்டும் வேறாக இருந்திருந்தால்: ‘கேளுங்கள். நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுங்கள், இரவு படித்துப் பதில் சொல்கிறேன்.’ மாணவி இரவு எட்டு மணிக்குப் பதினைந்து வரிகள் எழுதுகிறார். எத்தனை படிவங்கள், யார் உடனிருந்தார், எப்போது கிளம்புகிறார் என்பன எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. பத்து மணிக்கு மூத்தவர் சொல்ல வேண்டியது தெளிவாக இருக்கிறது. சனி மாலை அந்த மூன்று வீடுகளுக்கும் மீண்டும் செல்லவேண்டும். ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவரை அவர்களே அழைத்துக்கொள்ளட்டும். படிவத்தை முழுவதும் வாசித்துக்காட்டி, அன்றைய தேதியிலேயே புதிய ஒப்புதல் பெறவேண்டும், முன்தேதி கூடாது. மறுப்பவரின் நேர்காணலை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும். நடந்ததை நெறியாளரிடமும் நெறிமுறைக் குழுவிடமும் மறைக்காமல் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அம்மூன்று நேர்காணல்களையும் பயன்படுத்தலாமா என்பதைக் குழு முடிவு செய்யும். இத்தனையும் ஒரே மாலைக்குள் அடங்கும் வேலை. அந்த மாலை கைக்குக் கிடைப்பது, முதல் பதிலில் ஒரு சுற்று மிச்சப்பட்டதால்.

‘என்ன விஷயம்?’ என்பதும் ஒருவகை இசைவுதானே என்று கேட்கலாம். இலக்கணப்படி ஆம். ஆனால் அது கேட்பவரிடம் முதலில் சுருக்கத்தைக் கோருகிறது. ‘கேளுங்கள்’ என்பது விரிவை அனுமதிக்கிறது. தனக்கு என்ன தெரியவில்லை என்பதே சரியாகத் தெரியாத நிலையில் இருப்பவருக்குச் சுருக்கம்தான் மிகக் கடினம். ஷெக்லாஃப் காட்டியபடி, அவர் இடம் கேட்டது பின்னணியைச் சொல்வதற்காக. அந்த இடத்தைத் தராமல் தலைப்பைக் கேட்டால், தலைப்பு மட்டுமே கிடைக்கும்.

நேரத்தை முன்வைத்து எழும் மறுப்பே இதில் வலுவானது. ஐம்பது மாணவர்களுக்குக் ‘கேளுங்கள்’ என்று சொல்லும் ஆசிரியர் வேறு வேலை எதையும் பார்க்க முடியுமா? இங்கே இரண்டு செயல்கள் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. கேட்க அனுமதிப்பது ஒன்று. விடையளிக்க ஒப்புக்கொள்வது வேறு. ‘கேளுங்கள், திங்களன்று பார்ப்பேன்’ என்பது முழுமையான இசைவு, நேரத்தையும் காக்கிறது. ‘கேளுங்கள், எனக்குத் தெரியாததாயின் தெரிந்தவரைச் சொல்கிறேன்’ என்பதும் அவ்வாறே. மேலும், கேள்வியைப் பார்க்காமல் அது ஐந்து நிமிட வேலையா ஐந்து நாள் வேலையா என்று எவராலும் மதிப்பிட முடியாது. நேரம் குறைந்தவருக்கே கேள்வியின் முழு வடிவம் விரைவில் தேவைப்படுகிறது.

எல்லை ஒன்று உண்டு. தொல்லை குறித்தோ ஆய்வுத் திருட்டு குறித்தோ பேச வருபவரும் இதே மூன்று சொற்களோடுதான் வருவார். அவருக்கும் ‘கேளுங்கள்’ என்பதே பதில். ஆனால் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று முன்கூட்டி அதோடு சேர்த்துவிடக் கூடாது. கேட்டறிந்த பின் உள்ளகப் புகார்க் குழுவை நாடவேண்டியிருக்கலாம். கொடுத்த வாக்கை மீறவேண்டியும் வரலாம். தாம் தேர்வாளராக இருக்கும் ஆய்வேட்டின் மாணவர் கேட்டால் மட்டும், ‘ஆய்வேட்டைப் பற்றியதாயின் உங்கள் நெறியாளர் வழியாகக் கேளுங்கள், வேறெதுவாயினும் எழுதுங்கள்’ என்று பிரித்துச் சொல்வது நேர்மை.

கேட்பவர் பக்கத்திலும் இதற்கு ஒரு பயன் இருக்கிறது. கேட்கலாமா என்பதற்கு நேர்மையான மறுமொழி ஏறத்தாழ எப்போதும் ஆம் என்பதே. கேள்வியையே காணாமல் எவரும் மறுப்பதில்லை. ஆகவே அந்த ஆமைக் கிடைத்ததாகவே கொண்டு எழுதிவிடலாம். மரியாதையைக் கைவிட வேண்டியதில்லை. ‘அக்கா, ஒன்று கேட்கலாமா? மூன்று படிவங்களில் சாட்சிக் கையொப்பம் விடுபட்டுவிட்டது. ஞாயிறு காலை கிளம்புகிறேன். சனி மாலை திரும்பச் சென்று வாங்கலாமா?’ அனுமதியும் கேள்வியும் ஒரே செய்தியில் அடங்கிவிட்டன. முதல் வாக்கியம் வணக்கமாக நிற்கிறது. அதற்குத் தனியே பதில் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதும் பழக்கம் கண்டிப்பினால் வருவதன்று. இரண்டு மூன்று முறை ‘கேளுங்கள்’ என்ற பதிலைத் தடையின்றிப் பெற்ற மாணவர், நான்காம் முறை முழுக் கேள்வியையும் முதல் செய்தியிலேயே எழுதும் துணிவைப் பெறுகிறார். ‘நேரே கேட்கத் தெரியாதா?’ என்று ஒருமுறை வாங்கிக்கட்டிக்கொண்டவரோ, அடுத்த முறை வேறொருவரிடம் போகிறார், அல்லது எவரிடமும் போவதில்லை.