நாளை மறந்தால் நாணயம் குறையும்

ஒருவர் சொன்ன நாளில் கடனைத் திருப்பித் தந்தால், அவரை ‘நாணயமானவர்’ என்று போற்றுவது தமிழர் வழக்கம். ஊரில் மளிகைக் கடைக்காரர் தம் பற்றுக் குறிப்பேட்டைப் பார்த்தும், ஆளை நேரில் அறிந்தும் அந்த நாணயத்தை அளந்தார். புனே போன்ற பெருநகரில் வங்கிக்கு ஆளைத் தெரியாது. ஆகவே, அது கடன் மதிப்பெண்ணைப் பார்க்கிறது.

இம்மதிப்பெண்ணை வங்கிகள் தாமே இடுவதில்லை. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘சிபில்’ உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் இப்பணியைச் செய்கின்றன. ஒவ்வொருவரும் பெற்ற கடன், செலுத்திய தவணை, தவறிய நாள் ஆகியவற்றை வங்கிகள் இந்நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. அதன் முழுச் சூத்திரம் வெளியிடப்படுவதில்லை. எனினும் உரிய நாளில் செலுத்தியமை, கடன் வரம்பில் பயன்படுத்திய பங்கு, கடன் கணக்குகளின் வயதும் வகையும், அண்மையில் புதுக்கடன் கேட்ட தடவைகள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. சம்பளமும் சேமிப்பும் இடம்பெறுவதில்லை. எனவே, இது செல்வத்தை அளக்கும் கோல் என்று கருதுவது பிழை. நாள் தவறாமையை அளக்கும் கோல் என்பதே பொருந்தும்.

நெல்லையிலிருந்து புனேக்குக் குடிபெயர்ந்து, வானவடியில் ஷிண்டே சத்திரிக்கு அருகில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். புறப்படுமுன் தந்தை தம் பழைய கடன் அட்டையில் 1,180 ரூபாய்க்கு ஒரு பயணப்பெட்டி வாங்கினார். புனேயில் புதிய கைப்பேசி எண் பெற்றார். அதனை வங்கிக்குத் தெரிவிக்கவில்லை. தொகைக்கான அறிவிப்பு பழைய எண்ணுக்கே சென்றது. கெடு நாள் கடந்து மூன்று நாள்களுக்கு மேல் தொகை செலுத்தப்படாவிட்டால், அட்டை வழங்கிய வங்கி அதனைக் கடன் தகவல் நிறுவனத்திற்குத் தெரிவிக்கலாம். அவ்வாறே இரண்டு மாதத் தவறுதல் அவர் பெயரில் பதிவாயிற்று. மதிப்பெண்ணை மிக விரைவாக வீழ்த்துவது இத்தவறே. தொகை சிறிது என்பதால் பதிவு அழிவதில்லை. பிறகு முழுவதும் செலுத்தினாலும், தாமதமான மாதங்கள் 36 மாதக் கட்டண வரலாற்றில் தெரிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது தவறு புதிய அட்டையில் நேர்ந்தது. அதன் வரம்பு 50,000 ரூபாய். வீட்டுப் பொருள்கள் வாங்க அவர் மாதந்தோறும் 45,000 ரூபாய் வரை செலவிட்டார். கெடு நாளில் முழுவதும் செலுத்தினார். ஆயினும் பட்டியலிடும் நாளில் இருக்கும் நிலுவையே பெரும்பாலும் பதிவாவதால், வரம்பில் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்துபவராக அவர் தோன்றினார். பட்டியல் வருமுன்பே ஒரு பகுதியைச் செலுத்தியிருந்தால் அத்தோற்றம் மாறியிருக்கும்.

வீட்டுக்கடனை ஒரு வங்கி மறுத்தது. உடனே அவர் ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பித்தார். ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் ஒரு விசாரணை பதிவாகி, மதிப்பெண் மேலும் சற்றுக் குறைந்தது. தம் மதிப்பெண்ணைத் தாமே பார்ப்பதால் எக்குறைவும் நேராது. ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர் அதனை முதலிலேயே கேட்டிருந்தால், 1,180 ரூபாய் நிலுவையை அன்றே கண்டிருப்பார்.

இறுதியில் ஒரு வங்கி கடன் தர இசைந்தது, ஆனால் 8.5 விழுக்காட்டிற்குப் பதிலாக 9 விழுக்காடு வட்டி கேட்டது. 40 இலட்சம் ரூபாயை 20 ஆண்டுகளில் அடைப்பதாயின், மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாயிலிருந்து 36,000 ரூபாயாக உயரும். மொத்தத்தில் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல் கூடுதல். ஒரு பயணப்பெட்டியின் விலையை மறந்ததற்கு இது மிகப் பெரிய தண்டம் அன்றோ?

இந்த அளவுகோலுக்குக் குறைகள் உண்டு. நோயால் தவறியவரையும் அலட்சியத்தால் தவறியவரையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கடனே வாங்காத சிக்கனக்காரருக்கு மதிப்பெண்ணே இராது. மளிகைக் கடைக்காரர் காரணம் கேட்பார், இக்கணக்கு கேட்பதில்லை. ஆதலால், குறைந்த மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவரின் பண்பை எடைபோடுதல் தகாது. ஆயினும் நாள்களை மட்டுமே காணும் கணக்கிற்கு நாள்களால்தான் விடை சொல்ல முடியும். ஊர் மாறும் குடும்பம் பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுப்பதுபோல், புதிய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் வங்கிக்குத் தெரிவித்தலையும் முதற் கடமையாகக் கொள்ளவேண்டும்.

சொற்பொருள்
நாணயம் – காசு, சொல் தவறாமை
கெடு நாள் – பணம் செலுத்த வேண்டிய கடைசி நாள்
நிலுவை – செலுத்தப்படாமல் நிற்கும் தொகை
தண்டம் – தவறுக்காகச் செலுத்தும் பணம்