யாரும் மறுக்காத கட்டுரையை எதற்கு எழுதுகிறீர்கள்?

தொழில்துறையில் இருப்பவர்கள் இப்போது 'தாட் லீடர்ஷிப்' கட்டுரை எழுதுகிறார்கள். துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர் தன் கருத்தைச் சொல்லி மற்றவர்க்கு வழிகாட்டுவது என்று பொருளாம். நல்லது. ஆனால் என் கண்ணில் படுகிறவற்றில் பெரும்பாலானவற்றில் கருத்தே இல்லை. விடை தெரியாத மாணவன் பக்கத்தை நிரப்புவதை ஆண்டுக்கணக்கில் திருத்தியவன் நான். இதுவும் அதே வேலைதான். ஒரே வேறுபாடு, அந்த மாணவனுக்கு விடை தெரியாது. இவர்களுக்குத் தெரியும், சொல்லப் பயம்.

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், தான் எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பினார். அவர் அனுமதியோடு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வரி: "வேகமாக மாறிவரும் இன்றைய உலகில் சுற்றுச்சூழலைக் காப்பது நம் அனைவரின் கூட்டுப் பொறுப்பு." இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். "சுற்றுச்சூழலைக் காப்பது நம் பொறுப்பல்ல" என்று எந்த முதலாளியாவது மேடையேறிச் சொல்வாரா? எதிர்த்துப் பேச ஆளே இல்லாத வாக்கியம் கருத்து ஆகாது. அடித்தேன்.

அடுத்தது: "புதுமையும் ஒத்துழைப்பும் கைகோத்தால் சாயத்தொழிலின் எதிர்காலம் ஒளிமயமாகும்." சாயத்தொழிலை எடுத்துவிட்டுக் கயிறு தொழில் என்று போடுங்கள். வங்கித்துறை என்று போடுங்கள். எங்கும் பொருந்துகிறது. அப்படியென்றால் இந்தத் தொழிலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதையும் அடித்தேன். "பெரும்பாலான நுகர்வோர் இதையே விரும்புவதாக ஆய்வுகள் கூறுகின்றன" என்றிருந்தது. எந்த ஆய்வு என்று கேட்டேன். எங்கோ படித்ததாம். அதுவும் போயிற்று.

நான்காம் பத்தியில் ஒரு வரி: "இதற்கான செலவைத் தொடர்புடைய அனைவரும் பகிர்ந்துகொள்ள முன்வர வேண்டும்." இதை மட்டும் அடிக்கவில்லை. போன் போட்டு, "அனைவரும் என்றால் யாரப்பா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "வெளிநாட்டு பையர்தான் சார். தண்ணிய சுத்தம் பண்ற செலவ விலையில சேர்க்கவே விடமாட்டேங்கிறாங்க."

அதுதான் ஐயா கட்டுரை! 'அனைவரும்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

இனி அதைத் தாங்கி நிற்கும் செய்தி மட்டும் போதும். நொய்யல் கெட்ட கதையும் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதையும் ஊரறிந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்பதே விதி. சவ்வு வழியே அழுத்தி வடித்தால் நல்ல தண்ணீர் பிரிந்துவிடும். மிஞ்சும் உப்புநீரை நீராவி கொடுத்துச் சுண்டக் காய்ச்ச வேண்டும். பணத்தைத் தின்பது இந்தக் காய்ச்சல்தான். துணிக்கு என்ன விலை கிடைத்தாலும் இந்தச் செலவு குறையாது. கிலோ துணிக்கு எவ்வளவு ஆகிறது என்பதை அவருடைய கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்துப் போடச் சொன்னேன். ஊரார் ஆய்வைவிட அவர் கைக்கணக்குக்கு மதிப்பு அதிகம்.

பிறகு நானே எதிர்க்கட்சி ஆனேன். "பையர் வேறு நாட்டுக்குப் போய்விட்டால்?" விலை ஒன்றையே பார்க்கிறவர் போகத்தான் செய்வார், அதை மறைக்காமல் எழுதச் சொன்னேன். ஆகவே கோரிக்கையும் குறுகியது. 'ஆற்றைக் கெடுக்காத ஆடை' என்று விளம்பரம் செய்கிற நிறுவனங்கள், சுத்திகரிப்புச் செலவைப் பேரத்துக்கு அப்பாற்பட்ட தனி இனமாக விலைப்பட்டியலில் ஏற்க வேண்டும். அது பட்டறை வரை வந்து சேர வேண்டும். இவ்வளவுதான். முன்பு உலகம் முழுவதையும் பார்த்துப் பேசிய கட்டுரை, இப்போது குறிப்பிட்ட சிலரைப் பார்த்துக் கேட்கிறது. அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பாதிக்கும் மேல் வெட்டுப்பட்டது.

கவனியுங்கள், எல்லாத் தயக்கச் சொல்லையும் வெட்டுவதல்ல திருத்தம். 'சில நிறுவனங்கள்' என்பது உண்மையென்றால் 'சில' இருக்கட்டும். தெரியாத இடத்தில் எண்ணைப் புனைந்து போடுவது மழுப்புவதைவிடக் கேடு.

"பகைத்துக்கொள்ளாமல் எழுதுவது பண்பாடு அல்லவா சார்?" என்று கேட்பவர்களுக்கு: மழுப்பல் நடுநிலை அல்ல. பொறுப்பு எல்லோருக்கும் என்று எழுதினால், செலவு பேரம் பேச வலுவில்லாதவன் தலையில் விழும். இங்கே அது பட்டறைக்காரர் தலை. அவரால் தாங்க முடியாதபோது ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் திறந்துவிடத் தோன்றும். பிறகு அது நொய்யல் கரை விவசாயியின் கிணறு.

கட்டுரை எழுதும் நண்பர்களே, உங்கள் கட்டுரையைப் படித்து யார் முகம் சுளிப்பார் என்று ஒரு பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். சொல்ல முடியவில்லையென்றால், நீங்கள் இன்னும் எழுதவே தொடங்கவில்லை.