அறுபத்தோராவது யூனிட்

தோழர்களே!

போன மாதத்துக் கரண்ட் பில்லை வெளியே எடுங்கள். அலுமாரித் தட்டில் கிடக்கும். மீற்றர் பெட்டியில் செருகி இருக்கும். எடுங்கள். கையில் பிடியுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்தத் துண்டுக் கடதாசியைப் பற்றித்தான்.

ஏறாவூரில் அரிசி விலை ஏறினால் செங்கலடிக்குப் போகிறோம். மீன் விலை ஏறினால் அடுத்த வாடிக்குப் போகிறோம். கரண்ட் விலை ஏறினால் எங்கே போவது தோழரே? வீதியில் ஒரே கம்பி. கம்பத்தில் ஒரே விற்பனையாளர். கொழும்பை அண்டிய சில கரையோர நகரங்களில் லெகோ என்று இன்னொரு கம்பனி இருக்கிறதுதான். அங்கேயும் வீட்டுக்கு ஒரு கம்பிதான். இருவரில் ஒருவரைத் தெரிவு செய்ய அவர்களாலும் முடியாது. 1969 முதல் நமக்கு விற்று வந்தது மின்சார சபை ஒன்றுதான்.

கடைக்காரனை அடக்குவது பக்கத்துக் கடை. பக்கத்துக் கடையே இல்லாத இடத்தில் அடக்குவது யார்?

2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்காகத்தான் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை உண்டாக்கியது. விற்பவர் விலையைக் கேட்கலாம். தீர்ப்பது ஆணைக்குழு. தீர்க்குமுன் அது நம்மைக் கேட்க வேண்டும். நம்மை, தோழரே! உங்களை! என்னை!

கேட்டால் என்ன நடக்கும்? 2024 கடைசியில் சபை சொன்னது: இருக்கிற விலையே இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும். ஆணைக்குழு மாகாணம் மாகாணமாக மக்களைக் கேட்டது. சபையின் கணக்கைத் தானே திரும்பப் போட்டுப் பார்த்தது. 2025 ஜனவரி 17ஆம் திகதி கட்டணம் 20 வீதம் இறங்கியது. குறைக்க ஒன்றுமில்லை என்று சொன்ன அதே கணக்கில் இருந்து 20 வீதம்!

அதே ஆண்டு சபை 18.3 வீதம் ஏற்றக் கேட்டது. ஆணைக்குழு ஜூனில் 15 வீதம் கொடுத்தது. ஆமாம், ஏற்றம்தான். ஆணைக்குழு மந்திரக்கோல் அல்ல. செலவு உண்மையில் ஏறியிருந்தால் விலையும் ஏறும். பிறகு சபை 6.8 வீதம் கேட்டது. ஒக்டோபரில் ஆணைக்குழு மறுத்துவிட்டது.

இப்போது மற்றப் பக்கத்தையும் பாருங்கள். கண்ணை மூடாதீர்கள்.

மாதம் 30 யூனிட் எரிக்கிற வீடு. இரண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு சின்ன டீவி. 2022 ஓகஸ்ட்டுக்கு முன் யூனிட் 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. ஓகஸ்ட்டில் யூனிட் 8 ரூபா, நிலையான கட்டணம் 120. மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1300 ரூபா!

105 ரூபா எங்கே, 1300 ரூபா எங்கே? ஆறே மாதம். அதே பல்பு. அதே ஃபேன். கூலி பன்னிரண்டு மடங்கு ஏறியதா? வலையில் மீன் பன்னிரண்டு மடங்கு விழுந்ததா?

அந்த ஏற்றத்தை ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்க எதிர்த்தார். மற்ற உறுப்பினர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். 2023 மே 24இல் பாராளுமன்றம் அவரைப் பதவியில் இருந்து நீக்கியது. ஆதரவாக 123 வாக்கு, எதிராக 77. அவர் நல்லவரா கெட்டவரா என்ற வழக்கு எனக்கு வேண்டாம். காவல்காரனுக்குப் பின்னால் ஊர் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் காட்டுகிறேன். அந்த வருடம் நாடு முழுவதும் எத்தனை வீட்டில் கரண்ட் வெட்டினார்கள்! சிவப்பு நோட்டீஸ் வந்தது. பிறகு ஏணியோடு ஆள் வந்தான். நாம் குப்பி விளக்கைத் தேடினோம். வாய் திறந்தோமா?

தோழர்களே, பில்லைத் திருப்பாதீர்கள். யூனிட் எழுதிய வரியைப் பாருங்கள்.

2025 ஜூன் கட்டணத்தில் சொல்கிறேன், வரி நீங்கலாக. 60 யூனிட் எரித்த வீட்டுக்கு முதல் 30 யூனிட் 4 ரூபா 50 சதப்படி 135 ரூபா. அடுத்த 30 யூனிட் 8 ரூபாப்படி 240. நிலையான கட்டணம் 210. மொத்தம் 585 ரூபா.

இன்னும் ஒரே ஒரு யூனிட் எரியுங்கள். 61. இப்போது அந்த மலிவு விலை உங்களுக்கு இல்லை. முதல் யூனிட்டில் இருந்தே கணக்கு மாறுகிறது. 60 யூனிட்டும் 12 ரூபா 75 சதப்படி 765 ரூபா. அறுபத்தோராவதுக்கு 18 ரூபா 50 சதம். நிலையான கட்டணம் 400. மொத்தம் 1183 ரூபா 50 சதம்!

பிள்ளைக்குக் காய்ச்சல். உம்மா இரண்டு இரவு விடியும்வரை ஃபேனை ஓடவிட்டாள். அந்த ஒரு யூனிட்டின் விலை ஏறத்தாழ 600 ரூபா!

கூட எரிப்பவர் கூடக் கட்டட்டும், குறைவாக எரிப்பவரைத் தாங்கட்டும். அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். படி இருக்கட்டும். பாதாளம் எதற்கு? ஆணைக்குழு ஒப்புதல் கொடுத்தது என்பதற்காக நாம் வாயை மூட வேண்டுமா? காவல்காரனையும் நாம்தான் தட்டி எழுப்ப வேண்டும்.

எழுப்புவது எப்படி? "எங்களுக்குக் கஷ்டம்" என்று அழுதால் போதாது. கஷ்டம் அவர்களுக்குத் தெரியும். கணக்கைக் கேளுங்கள்.

விலைக் கோரிக்கை ஒரு எதிர்வுகூறல். இவ்வளவு மழை பெய்யும், இவ்வளவு நீர்மின் கிடைக்கும், இவ்வளவு நிலக்கரியும் எண்ணெயும் எரியும், இவ்வளவு யூனிட் விற்கும் என்று முன்கூட்டியே எழுதுகிறார்கள். மழை குறையும் என்று எழுதினால் செலவு ஏறும், விலையும் ஏறும். பிறகு மழை கொட்டினால்? நீர்த்தேக்கம் நிரம்பும், எண்ணெய் மிஞ்சும், நம் காசு அவர்கள் கையில் நிற்கும். அது அடுத்த விலையில் நமக்குத் திரும்பியதா? கேளுங்கள். சென்ற முறை எதிர்பார்த்த செலவு எவ்வளவு, உண்மையில் ஆனது எவ்வளவு? கேளுங்கள். அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில் ஏன் இந்தக் குழி? கேளுங்கள்.

ஆணைக்குழுவுக்குத் தமிழில் எழுதுங்கள். தமிழில் பேசுங்கள். சட்டத்தரணி தேவையில்லை. மூன்று மாதப் பில்லின் பிரதியை இணையுங்கள். நெல் மில்காரர் மில் பில்லை வையுங்கள். ஐஸ் போடுகிறவர் ஐஸ் பில்லை வையுங்கள். கைத்தறிக்காரர், தையல்காரர், எல்லோரும் வையுங்கள். கிழக்கு மாகாண அமர்வு அறிவிக்கப்பட்டால் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வாருங்கள். வெறும் கதிரையைப் பார்த்து யாரும் விலை குறைக்க மாட்டார்கள்.

சபையைக் கம்பனிகளாகப் பிரித்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒரு தோழர். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இன் திருத்தமும் அதற்குத்தான். உற்பத்திக்கு ஒன்று, பெரிய கம்பிக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று. நல்லது. நம் வீதிக்கு வருகிற கம்பி எத்தனை? அன்றும் ஒன்று. நாளையும் ஒன்று. பெயர்ப்பலகை மாறும், மீற்றர் மாறாது.

அடுத்த கோரிக்கை வரும். எழுத்தில் கருத்துச் சொல்லக் கிடைப்பது சில வாரம்தான். அது முடிந்தபின் தேத்தண்ணிக் கடையில் இருந்து கத்திப் பயனில்லை. அப்போது ஏசுகிறவன் தோழன் அல்ல. இப்போது எழுதுகிறவன் தோழன்.

கையில் இருக்கும் பில்லை மடிக்காதீர்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பிரதி எடுக்கவும் எழுதித்தரவும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து வரிசையில் வாருங்கள், தோழர்களே!