கும்பிடும் கையின் உயரம்

கும்பிடுவது எப்படி என்று இப்போது பாடமே நடக்கிறது. விரல்கள் ஒட்டியிருக்க வேண்டும், உள்ளங்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், தலை சற்றே தாழ வேண்டும். 2020இல் கொரோனாவுக்குப் பயந்து உலகம் கைகுலுக்குவதை நிறுத்தியதிலிருந்து இதோடு ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. தொடாமல் மரியாதை செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தானாம். தொடாமல் இருப்பதில் இந்த நாட்டுக்கு உள்ள அனுபவத்தை யாரும் மறுக்க முடியாது.

விரலையும் மணிக்கட்டையும் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர்கள், கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்குச் சாத்திரம் சொல்லும் காரணத்தை மட்டும் சொல்வதில்லை.

பரதநாட்டிய வகுப்பிலிருந்தே தொடங்கலாம். இரண்டு பதாகக் கைகளைச் சேர்த்தால் அஞ்சலி. பதாகம் என்றால் நான்கு விரலும் நீட்டி ஒட்டியிருக்கும், பெருவிரல் மடங்கியிருக்கும். தலைக்கு மேல் வைத்தால் கடவுளுக்கு, முகத்துக்கு நேரே வைத்தால் குருவுக்கு, நெஞ்சுக்கு நேரே வைத்தால் சபைக்கு என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம். அந்தச் சுலோகத்தில் மூன்றாவதாகச் சபை இல்லை. தேவதை, குரு, விப்ரர் என்றுதான் இருக்கிறது. விப்ரர் என்றால் பார்ப்பனர். நெஞ்சுக்கு நேரான கும்பிடு நூலின்படி அவருக்கு உரியது. அதைவிடப் பழைய நாட்டிய சாத்திரம் அதே இடத்தில் நண்பர்களைத்தான் வைத்திருக்கிறது. நண்பர் இருந்த இடத்துக்குப் பார்ப்பனர் வந்தார். இன்றைய வகுப்பு அவரைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டுச் சபையை உட்கார வைத்திருக்கிறது. மாற்றியது நல்லதுதான். ஆனால் மாற்றியதைச் சொல்லாமல், ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று கற்பிப்பதை எப்படி ஏற்பது?

நாட்டிய நூலில் உயரம் வணங்கப்படுகிறவரைப் பொறுத்தது. தர்ம சூத்திரத்தில் அது வணங்குகிறவரின் பிறப்பைப் பொறுத்தது. ஆபஸ்தம்ப தர்ம சூத்திரம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. வணங்கும்போது பார்ப்பனர் வலக்கையைக் காது உயரத்துக்கு நீட்ட வேண்டும். சத்திரியர் மார்பு உயரத்துக்கு, வைசியர் இடுப்பு உயரத்துக்கு, சூத்திரர் அதற்கும் கீழே. தூரத்திலிருந்து பார்த்தாலே கையை வைத்து வருணத்தைச் சொல்லிவிடலாம். அந்த வரிசையிலும் இடம் கிடைக்காதவர்களின் கையைப் பற்றிச் சூத்திரம் கவலைப்படவில்லை. இது எங்கோ புதைந்த நூலும் அல்ல. தமிழகப் பார்ப்பனர்களில் பலர் இன்றும் அபிவாதனம் சொல்லும்போது கோத்திரத்தோடு ஆபஸ்தம்ப சூத்திரத்தின் பெயரையும் சொல்லித்தான் பெரியவர்களை வணங்குகிறார்கள்.

இனி, வாழ்த்தும் கை. வணங்கிய பார்ப்பனருக்கு நீண்ட ஆயுளை வாழ்த்தும்போது அவர் பெயரின் கடைசி உயிரை மூன்று மாத்திரைக்கு நீட்ட வேண்டும் என்கிறது மனு. நலம் விசாரிக்கும் சொல்லும் வருணத்துக்கு வருணம் வேறு. பார்ப்பனரிடம் குசலம், சூத்திரரிடம் ஆரோக்கியம். உழைக்கிற உடம்பு கெடாமல் இருந்தால் போதும் என்ற அக்கறையாகத்தான் எனக்கு இது படுகிறது. யார் கையைத் தூக்கி வாழ்த்துவது என்பதை வயதும் தீர்மானிப்பதில்லை. பத்து வயதுப் பார்ப்பனனும் நூறு வயதுச் சத்திரியனும் தந்தையும் மகனும் போன்றவர்கள், பார்ப்பனனே தந்தை என்பது மனுவின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. சத்திரியனுக்கே இதுதான் நிலை.

எங்கள் ஊரில் யாரும் மனுவைப் படித்ததில்லை. ஆனாலும் என் தாத்தா எழுபது வயதில், ஆண்டையின் பள்ளிக்கூடத்துப் பேரனைப் பார்த்தால் தோளிலிருந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "கும்பிடுறேன் சாமி" என்பார். அந்தப் பையன் தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். பதிலுக்கு அவன் கை கூப்பி யாரும் பார்த்ததில்லை. தாத்தாவின் விரல்கள் உழவிலும் வெட்டிலும் வளைந்து போனவை, ஒட்டி நிமிராது. அதை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை. துண்டு தோளில் கிடந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அதனால் ஒரு கும்பிடு சரியா என்று பார்க்க நான் மணிக்கட்டைப் பார்ப்பதில்லை. எதிரில் நிற்பவரின் கையும் கூடவே எழுகிறதா என்று பார்க்கிறேன். சுயமரியாதை இயக்கம் நமஸ்காரத்தின் இடத்தில் வணக்கத்தை வைத்ததை வெறும் மொழி மாற்றமாக நினைக்கிறவர்கள் உண்டு. ஒருவர் வணக்கம் என்றால் மற்றவரும் வணக்கம் என்றுதான் சொல்ல முடியும். மேலிருந்து தருவதற்கென்று அதில் தனிச் சொல் கிடையாது.

பிள்ளைகளை நாட்டிய வகுப்பில் சேர்த்திருக்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அஞ்சலி சொல்லித்தரும் நாளில் ஆசிரியரிடம் அந்தச் சுலோகத்தை வாங்கிப் படியுங்கள். நெஞ்சுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது, அது எப்போது சபையாக மாறியது என்று பிள்ளைகள் முன்னாலேயே கேளுங்கள்.